வழங்கல் சீட்டு: ஸ்டோர்ஸில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான பயிற்சி உரை

வணக்கம். கோவையில் உள்ள நம் பம்ப்செட் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் இன்று பணியேற்றிருக்கும் உங்கள் ஐவரிடமும், எந்த ரேக்கில் எது இருக்கிறது என்பதைக் காட்டுவதற்கு முன்பே, இஷ்யூ சிலிப் என்று நாம் சொல்லும் வழங்கல் சீட்டைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

ஒரு பொருள் நம் ரேக்கில் இருக்கும்வரை அது இருப்பு. கவுன்டரைத் தாண்டியதும் உற்பத்திச் செலவு. அந்த மாற்றத்துக்குச் சாட்சி இந்தச் சீட்டுதான்.

6204, 6205 என்ற இரண்டு பேரிங்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னதன் உள்விட்டம் 20 மி.மீ., பின்னதன் உள்விட்டம் 25 மி.மீ. 6204ஐக் கொடுத்துவிட்டு 6205 என்று எழுதினால், ஓர் இலக்கப் பிழையில் இரண்டு கணக்குகள் கெடுகின்றன. தீர்ந்துகொண்டிருக்கும் 6204 போதுமான அளவு இருப்பதாகக் கணக்கு காட்டுவதால் கொள்முதல் பிரிவு ஆர்டர் போடாது. ரேக்கில் இருக்கும் 6205ஐத் தேவையில்லாமல் மேலும் வாங்கும். அசெம்பிளியில் மோட்டார்கள் பேரிங்குக்காகக் காத்திருக்கும் நாளில்தான் பிழை வெளியே தெரியும்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் ஆலையில், இரவு ஷிப்டில் வைண்டிங் பிரிவுக்குத் தாமிரக் கம்பியைக் கொடுத்துவிட்டு, காலையில் நினைவிலிருந்து சீட்டு எழுதினேன். ரீலின் எடையைக் கழிக்க மறந்ததோடு, ஜாப் நம்பரையும் மாற்றி எழுதிவிட்டேன். அதனால் ஒரு ஜாப் நஷ்டமாகவும் இன்னொன்று லாபமாகவும் தெரிந்தன. லாபமாகத் தெரிந்ததை நம்பி அடுத்த விலைப்புள்ளியில் விலையைக் குறைத்துக் கொடுத்தார்கள். அந்த ஆர்டர் கிடைத்தது. நஷ்டமும் அதனுடனேயே வந்தது. அன்று முதல், சீட்டு இல்லாமல் ஓர் ஆணியைக்கூட நான் கொடுத்ததில்லை.

வங்கிக்கு மாதந்தோறும் நாம் அனுப்பும் இருப்பு அறிக்கையை வைத்துத்தான் கேஷ் கிரெடிட் கடனில் எவ்வளவு எடுக்கலாம் என்பது முடிவாகிறது. கணக்கில் உள்ள சரக்கு ரேக்கில் இல்லாமல் போய், அதைத் தொலைந்ததாகத் தள்ளுபடி செய்ய நேர்ந்தால், ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)ஆவது பிரிவின்படி அதை வாங்கியபோது கட்டி, பிறகு வரவாக எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரியையும் திருப்பிக் கட்ட வேண்டும். உண்மையில் உற்பத்திக்குப் போன பொருளாக இருந்தாலும், அதை நிரூபிக்கச் சீட்டு வேண்டுமே.

ஆகவே எண்ணிய பின், எடை போட்ட பின், பொருள் கைமாறும் முன் எழுதுங்கள். பிழை நேர்ந்தால் எண்ணின் மேல் எண் எழுதாமல், ஒற்றைக் கோடிட்டு அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதிக் கையொப்பமிடுங்கள். மீதம் திரும்பி வந்தால் பழைய சீட்டைத் தொடாமல் திருப்பல் சீட்டு போடுங்கள். மேலாளரே அவசரப்படுத்தினாலும் சீட்டைக் கேளுங்கள். உங்களுக்காக நான் பேசுகிறேன்.

இப்போது தராசுக்கு அருகே வாருங்கள். பாதி தீர்ந்த கம்பி ரீல் ஒன்று அங்கே இருக்கிறது; அதற்கு ஒவ்வொருவரும் ஒரு சீட்டு எழுதிக் காட்டுங்கள்.