பம்ப் ஷாஃப்ட் உற்பத்திப் பிரிவை விரிவாக்க பி.எம்.இ.ஜி.பி. இரண்டாம் கடன் மானியம் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்
ப. கந்தவேல், உரிமையாளர்,
கந்தவேல் டர்னிங் ஒர்க்ஸ்,
கரியாம்பாளையம், அன்னூர் வட்டம்,
கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்
பொது மேலாளர் அவர்கள்,
மாவட்டத் தொழில் மையம்,
கோயம்புத்தூர்.

நாள்: 18.08.2025

பொருள்: பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் (பி.எம்.இ.ஜி.பி.) இயங்கிவரும் நிறுவனத்தின் விரிவாக்கத்துக்கு இரண்டாம் கடனும் 15 சதவீத மானியமும் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

எங்கள் கடைசல் பட்டறை இதே திட்டத்தில் 2018-இல் ரூ.14.00 லட்சம் திட்டச் செலவில் தங்கள் அலுவலகப் பரிந்துரையின் பேரில் தொடங்கப்பட்டது. பிற்படுத்தப்பட்டோர், ஊரகப் பகுதி என்ற வகையில் 35 சதவீதமாக ரூ.4.90 லட்சம் மானியம் கிடைத்தது. மூன்றாண்டு வைப்புக் காலமும் நேராய்வும் முடிந்து 2021-இல் அந்தத் தொகை கடனில் வரவு வைக்கப்பட்டது. தவணை எதுவும் தவறாமல் 2023-இல் கடன் முழுவதும் தீர்க்கப்பட்டது. வங்கியின் கடன் தீர்வுச் சான்று இணைப்பு 1-இல் உள்ளது.

இரண்டாம் கடனுக்குக் கடந்த மூன்றாண்டுகளும் லாபம் காட்டியிருக்க வேண்டும் என்பதால் அந்த விவரம்: 2022-23-இல் விற்றுமுதல் ரூ.24.80 லட்சம், நிகர லாபம் ரூ.3.10 லட்சம், 2023-24-இல் ரூ.27.90 லட்சம், ரூ.3.85 லட்சம், 2024-25-இல் ரூ.31.40 லட்சம், ரூ.4.60 லட்சம். விரிவாக்கத்துக்குப் பிறகும் முதலீடு ரூ.2.5 கோடிக்கும் விற்றுமுதல் ரூ.10 கோடிக்கும் உள்ளேயே இருக்கும். எனவே உதயம் பதிவில் குறுந்தொழில் என்ற வகைப்பாடு மாறாது.

தற்போதைய நிலை

பட்டறையில் ஆறடி கியர்டு லேத் 2, மில்லிங் மெஷின் 1, பில்லர் டிரில்லிங் மெஷின் 1 உள்ளன. வேலை செய்வோர் 5 பேர். மோனோபிளாக் பம்புக்கான இ.என்.8 ஷாஃப்ட்டை வாடிக்கையாளர் தரும் கம்பியில் கடைந்து, ஒன்றுக்கு ரூ.38 கூலி பெறுகிறோம். ஒரு ஷாஃப்ட்டுக்கு பத்தரை நிமிடம் ஆகிறது. இரண்டு லேத்திலும் சேர்த்து ஒரு நாளைக்கு 90 ஷாஃப்ட் முடிகிறது. மீதி வருமானம் புஷ், கப்ளிங், பழுது வேலைகளிலிருந்து வருகிறது.

கடைந்ததை வாடிக்கையாளர் எடுத்துப் போய் வேறு இடத்தில் கிரைண்டிங் செய்கிறார். அங்கே நூற்றுக்கு ஆறு திரும்பி வருகிறது. பேரிங் உட்காரும் இடத்துக்கு வரைபடம் கேட்கும் அளவு 20 மி.மீ. கே6. அதாவது 20.002-க்கும் 20.015-க்கும் இடைப்பட்ட அளவு. மொத்த இடைவெளி 0.013 மி.மீ. மட்டுமே. வெட்டிய சூட்டோடு மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால், அறை வெப்பத்தைவிட 30 டிகிரி கூடுதலாக இருக்கும் 20 மி.மீ. எஃகு ஏறத்தாழ 0.007 மி.மீ. பெருத்துக் காட்டும். ஆறியதும் அது சுருங்கிவிடும். இடைவெளியில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடுகிறது. ஆபரேட்டர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் கடைசி வெட்டைக் கையால் தள்ளும் லேத்தில் இது நாள் முழுக்க ஒரே சீராக வராது. ஆள் கூட்டுவதாலோ கூடுதல் நேரம் பார்ப்பதாலோ இந்தக் குறை தீராது என்பதால்தான் இயந்திரம் கேட்கிறோம்.

திட்டம்

கம்பி வாங்குவதில் தொடங்கி கிரைண்டிங் முடிந்த ஷாஃப்ட்டாகவே கொடுப்பது நோக்கம். வேலை வரிசை: கம்பியை 380 மி.மீ. நீளத்துக்கு அறுத்தல், இரு முனையிலும் சென்டர் போடுதல், சி.என்.சி.யில் இரு பக்கக் கடைசல் (விட்டத்தில் 0.3 மி.மீ. கிரைண்டிங்குக்கு விடப்படும்), சாவிக்காடி வெட்டுதல், கிரைண்டிங், அளவு சோதனை, துரு தடுப்பு எண்ணெய் பூசிக் கட்டுதல். சாவிக்காடியைக் கிரைண்டிங்குக்கு முன்பே வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பின்னால் வெட்டினால் காடியின் ஓரத்தில் எழும் பிசிறு பேரிங் இருக்கையைக் கீறிவிடும்.

20 மி.மீ. விட்டத்துக்கு 380 மி.மீ. நீளம் என்பது 19 மடங்கு. சக்கில் மட்டும் பிடித்துக் கடைந்தால் கம்பி வளைந்து அதிரும். மேற்பரப்பில் அலை விழும். ஆகவே விலைப்புள்ளி கேட்கும்போதே டெயில்ஸ்டாக் உள்ள சி.என்.சி.யைத்தான் கேட்டோம். அது இல்லாத மாதிரி குறைந்த விலைக்குக் கிடைத்தும் அதை ஏற்கவில்லை.

இயந்திரங்களும் செலவும் (ஜி.எஸ்.டி. நீங்கலாக):

1. சி.என்.சி. டர்னிங் சென்டர், 8 அங்குலச் சக், 500 மி.மீ. கடைசல் நீளம், 8 டூல் டரட், டெயில்ஸ்டாக் உட்பட – ரூ.21,50,000
2. ஹைட்ராலிக் சிலிண்ட்ரிக்கல் கிரைண்டிங் மெஷின், 600 மி.மீ. – ரூ.9,80,000
3. சாவிக்காடி மில்லிங் மெஷின் – ரூ.4,20,000
4. ஸ்குரூ கம்ப்ரசர் 7.5 எச்.பி., ஏர் டிரையருடன் – ரூ.2,75,000
5. ஏர் கேஜ், டிஜிட்டல் மைக்ரோமீட்டர்கள், பெஞ்ச் சென்டர், மேற்பரப்புச் சோதனைக் கருவி – ரூ.2,40,000
6. பேனல், கேபிள், தனி எர்த்திங் – ரூ.2,30,000
7. டூல் ஹோல்டர், சாஃப்ட் ஜா, தொடக்க இன்செர்ட்டுகள் – ரூ.2,10,000
8. சர்வோ ஸ்டெபிலைசர் 30 கே.வி.ஏ. – ரூ.95,000

இயந்திர மொத்தம் ரூ.46.00 லட்சம். ஷெட் நீட்டிப்பும் இயந்திர அடித்தளமும் ரூ.6.00 லட்சம். நடைமுறை மூலதனம் ரூ.10.00 லட்சம். திட்டச் செலவு ரூ.62.00 லட்சம். நிலம் சொந்தமானது, அதன் மதிப்பு சேர்க்கப்படவில்லை.

பட்டியலில் எட்டாவதாக உள்ள ஸ்டெபிலைசர் தேவைதானா என்ற கேள்வி பரிசீலனையில் எழலாம். எங்கள் மின்பாதையில் மாலை நேர மின்னழுத்தம் இறங்கி ஏறுகிறது. சி.என்.சி. டிரைவ் அதைப் பழுதாக எடுத்துக்கொண்டு நடுவெட்டில் நின்றால் ஷாஃப்ட்டோடு இன்செர்ட்டும் உடையும். கிரைண்டிங் மெஷினுக்குத் தனி அடித்தளம் கேட்டிருப்பதும் இதுபோன்ற காரணத்தால்தான். பழைய லேத்துகள் இருக்கும் அதே தளத்தில் வைத்தால் அவற்றின் அதிர்வு கல்லின் வழியே ஷாஃப்ட்டில் பதியும். எனவே அடித்தளத்தைச் சுற்றி இடைவெளி விட்டு மணல் நிரப்பப்படும்.

நிதி ஆதாரம்: சொந்தப் பங்கு 10 சதவீதம், ரூ.6.20 லட்சம். வங்கிக் கடன் ரூ.55.80 லட்சம். கோரும் மானியம் 15 சதவீதம், ரூ.9.30 லட்சம். மானியம் வைப்பில் இருக்கும் அளவுக்குக் கடனுக்கு வட்டி இல்லை என்பதால் வட்டிக்குரிய கடன் ரூ.46.50 லட்சம். இயந்திரங்களுக்கான ஜி.எஸ்.டி. ரூ.8.28 லட்சத்தைத் திட்டச் செலவில் சேர்க்கவில்லை. உள்ளீட்டு வரி வரவாக அது திரும்புவதற்குப் பல மாதங்கள் ஆகும் என்பதால் அந்தத் தொகையைத் தனியாக வைப்பில் ஒதுக்கியுள்ளோம். வைப்புச் சான்று இணைக்கப்பட்டுள்ளது.

உற்பத்தியும் வருவாயும்

சி.என்.சி.யில் ஏற்றி இறக்குவது உட்பட ஒரு ஷாஃப்ட்டுக்கு நாலரை நிமிடம். 85 சதவீதத் திறனில் ஒரு ஷிஃப்ட்டுக்கு 90, இரண்டு ஷிஃப்ட்டுக்கு 180. ஆண்டுக்கு 300 நாள் கணக்கில் முழுத்திறன் 54,000 ஷாஃப்ட். முதலாண்டு 60, இரண்டாமாண்டு 70, மூன்றாமாண்டு 80 சதவீதம் எனக் கொண்டுள்ளோம். பம்ப் தொழிலில் கோடைக்கு முன் ஆர்டர் குவியும், மழைக்காலத்தில் படுத்துவிடும். அதனால் 80-க்கு மேல் காட்டவில்லை.

முதலாண்டுக் கணக்கு (விரிவாக்கத்துக்கு மட்டும்): 32,400 ஷாஃப்ட், ஒன்று ரூ.265 வீதம் வருவாய் ரூ.85.86 லட்சம். கம்பி ஷாஃப்ட்டுக்கு 1.5 கிலோ, கிலோ ரூ.78 வீதம் ரூ.37.91 லட்சம். புதிய ஆறு பேருக்குச் சம்பளமும் இ.எஸ்.ஐ.யும் ரூ.12.02 லட்சம். மின்சாரம் ரூ.4.60 லட்சம். இன்செர்ட், கூலண்ட், கிரைண்டிங் கல் ரூ.2.92 லட்சம். கட்டும் செலவும் வண்டி வாடகையும் ரூ.1.30 லட்சம். பராமரிப்பு, காப்பீடு, அலுவலகம் ரூ.2.40 லட்சம். மொத்தச் செலவு ரூ.61.15 லட்சம். மீதம் ரூ.24.71 லட்சத்தில் வட்டி ரூ.4.88 லட்சம் (10.5 சதவீதம்), தேய்மானம் ரூ.7.50 லட்சம் போக வரிக்கு முந்தைய லாபம் ரூ.12.33 லட்சம். இரும்புச் சீவல் விற்பனையை வருவாயில் சேர்க்கவில்லை.

நட்டமும் லாபமும் இல்லாத நிலை ஆண்டுக்கு ஏறத்தாழ 22,200 ஷாஃப்ட்; அதாவது முழுத்திறனில் 41 சதவீதம். கம்பி விலை கிலோவுக்கு ரூ.8 ஏறி, அதை வாடிக்கையாளரிடம் வாங்க முடியாமல் போனாலும் லாபம் ரூ.8.44 லட்சமாகக் குறையுமே தவிர நட்டம் வராது. ஆண்டுத் தவணை ரூ.6.25 லட்சம் (ஆறு மாதம் விட்டு 72 தவணை). தவணையும் வட்டியும் சேர்ந்த ரூ.11.13 லட்சத்துக்கு மீதத் தொகை 2.2 மடங்கு உள்ளது.

சந்தைக்கு, கோவையிலுள்ள இரண்டு பம்ப் உற்பத்தியாளர்களிடம் மாதம் 1,800, 1,200 ஷாஃப்ட் என விருப்பக் கடிதம் பெற்றுள்ளோம். முதலாண்டுத் தேவை மாதம் 2,700 மட்டுமே. இவை உறுதி ஆர்டர் அல்ல; மாதிரி 50 ஷாஃப்ட் தேறிய பிறகே ஆர்டர் வரும் என்பதையும் கடிதங்களிலேயே காணலாம். மாதிரியை வெளியே கிரைண்டிங் செய்து கொடுத்துள்ளோம். இருவரும் அளவை ஏற்ற சோதனை அறிக்கை இணைப்பு 7-இல் உள்ளது.

நடைமுறை மூலதனம் ரூ.10.00 லட்சத்தில் ரூ.7.64 லட்சம் 45 நாள் வரவேண்டிய பாக்கிக்கு (அடக்க விலையில்), ரூ.1.58 லட்சம் 15 நாள் கம்பி இருப்புக்கு, மீதி ரூ.0.78 லட்சம் வேலையில் இருக்கும் சரக்குக்கு. சட்டப்படி 45 நாளில் பணம் வரவேண்டும். நடப்பில் சில மாதங்களில் 60 நாள் தாண்டுகிறது. அந்த இடைவெளியைக் கம்பி வியாபாரி தரும் 30 நாள் தவணையில் சமாளிப்போம்.

வேலைவாய்ப்பு: சி.என்.சி. ஆபரேட்டர் 2, கிரைண்டிங் ஆபரேட்டர் 2, அளவு சோதனையும் உதவியும் 2. ஆபரேட்டர்களை ஐ.டி.ஐ. முடித்தவர்களிலிருந்து எடுப்போம். மொத்தம் 11 பேர் ஆவதால் இ.எஸ்.ஐ. பதிவு செய்யப்படும்.

காலக்கெடு: கடன் அனுமதி கிடைத்த நாளிலிருந்து ஷெட்டும் அடித்தளமும் 6 வாரம் (கான்கிரீட் இறுக 21 நாள் உட்பட). சி.என்.சி. வந்து சேர 8 முதல் 10 வாரம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். கூடுதல் மின்பளுவுக்கு மின்வாரியத்தில் விண்ணப்பித்துள்ளோம். திட்டத்தில் எங்கள் கையில் இல்லாத ஒரே பகுதி அதுதான். தாமதமானால் முதலில் சி.என்.சி.யை மட்டும் இருக்கும் இணைப்பில் ஒரு ஷிஃப்ட் ஓட்டும் வகையில் பளு கணக்கிடப்பட்டுள்ளது. அந்த ஷிஃப்ட்டில் பழைய லேத்துகளில் ஒன்று நிறுத்தப்படும். பயன்படுத்திய கூலண்ட் எண்ணெயைப் பீப்பாயில் சேர்த்து அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைப்போம்.

மேற்கண்ட இயந்திரங்களில் எதற்கும் வேறு மத்திய, மாநிலத் திட்டத்தில் மானியம் பெறவில்லை, கோரவும் மாட்டோம். கடன் அனுமதிக்கு முன் எந்த இயந்திரத்துக்கும் முன்பணம் கொடுக்கவில்லை. விவரங்கள் உண்மையானவை, தவறு எனத் தெரியவந்தால் மானியத்தைத் திருப்பிச் செலுத்தக் கட்டுப்படுகிறேன்.

பட்டறையைத் தாங்கள் நேரில் பார்வையிட்டு, விண்ணப்பத்தை எங்கள் கணக்கு உள்ள வங்கியின் அன்னூர்க் கிளைக்குப் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ப. கந்தவேல்
உரிமையாளர், கந்தவேல் டர்னிங் ஒர்க்ஸ்

இணைப்புகள்: 1. முதல் கடன் தீர்வுச் சான்று, மானிய வரவுக் கடிதம். 2. மூன்றாண்டு வருமான வரிக் கணக்கும் தணிக்கை அறிக்கையும். 3. உதயம், ஜி.எஸ்.டி. சான்றுகள். 4. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் விலைப்புள்ளிகள். 5. நில ஆவணம், ஷெட் வரைபடம், பொறியாளர் மதிப்பீடு. 6. விருப்பக் கடிதங்கள் 2. 7. மாதிரி ஷாஃப்ட் சோதனை அறிக்கை. 8. சொந்தப் பங்கு, ஜி.எஸ்.டி. தொகைக்கான வைப்புச் சான்று. 9. மின்வாரிய விண்ணப்ப ஒப்புகை.