ஒரு மாதச் சமையல் கேஸுக்கு எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு? எங்கள் வீட்டுக் கணக்கு

2025 ஜனவரியில் எங்கள் வீட்டு அடுப்பிலிருந்து மட்டும் சுமார் 30 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலந்திருக்கிறது. பாளையங்கோட்டையில் நாலு பேர் இருக்கிற வீடு, மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடு, காலையில் அம்மா குளிக்க வெந்நீர். இந்த 30 எப்படி வந்தது என்று படிப்படியாக எழுதுகிறேன். எண்களை மாற்றிப் போட்டால் இதே கணக்கு உங்கள் வீட்டுக்கும் பொருந்தும்.

முதலில் தெரிய வேண்டியது, அந்த மாதம் எத்தனை கிலோ கேஸ் எரிந்தது என்பது. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். "இந்த மாதம் ஒரு சிலிண்டர் புக் பண்ணினோம், அப்போ 14.2 கிலோ" என்று எடுத்துக்கொள்கிறார்கள். புக் பண்ணிய நாளுக்கும் எரிந்த அளவுக்கும் சம்பந்தம் இல்லை. ஜனவரியில் நாங்களும் ஒரு சிலிண்டர்தான் வாங்கினோம், ஆனால் எரிந்தது அதைவிட மிகக் குறைவு. புக்கிங்கை வைத்துப் போட்டிருந்தால் விடை 42 கிலோவைத் தாண்டியிருக்கும், அதாவது நாற்பது சதவீதத்துக்கு மேல் பிழை.

அதனால் எடை போட்டோம். 50 கிலோ வரை தாங்கும் லக்கேஜ் தராசு ஒன்று இருந்தது, 0.1 கிலோ வரை காட்டும். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டருக்கு மூடி போட்டு, ஹாலில் ஊஞ்சல் மாட்டும் கொக்கியில் தராசைத் தொங்கவிட்டு, இரண்டு பேர் தூக்கி மாட்டினோம். ரெகுலேட்டரோடு எடை போடாதீர்கள், ட்யூப் ஒரு பக்கம் இழுக்கும், தராசில் எண் ஆடிக்கொண்டே இருக்கும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே இருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.

ஜனவரி 1 காலை எடை 21.8 கிலோ. 19ஆம் தேதி காலையில் அடுப்பு அணைந்துவிட்டது, அப்போது அதே சிலிண்டரின் எடை 15.7. அன்றே மாட்டிய புது சிலிண்டர் 30.3. அப்புறம் பிப்ரவரி 1 காலை அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்னால் பார்த்தபோது 26.5.

```
பழைய சிலிண்டர்: 21.8 - 15.7 = 6.1 கிலோ
புது சிலிண்டர்:  30.3 - 26.5 = 3.8 கிலோ
மொத்தம்:        6.1 + 3.8 = 9.9 கிலோ
```

கவனித்தீர்களா, காலி சிலிண்டரின் எடை இந்தக் கணக்குக்குத் தேவையே படவில்லை. கழிக்கும்போது இரும்பின் எடை தானாகவே போய்விடுகிறது. ஆனாலும் அதைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது, மேலே கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையில் எழுதியிருக்கும். பழையதில் 15.6 என்று இருந்தது, அணைந்த பிறகு நமக்குக் கிடைத்தது 15.7, ஆகவே அடியில் ஒரு 100 கிராம் தங்கிவிட்டது. புதியதில் 16.1, அதோடு 14.2 சேர்த்தால் 30.3, தராசும் அதையே காட்டியது. தராசை நம்பலாம் என்று எனக்குத் தைரியம் வந்தது இந்த இடத்தில்தான்.

இனி வேதியியல். சமையல் கேஸ் என்பது பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. இரண்டும் நன்றாக எரிந்தால் நடப்பது இது:

```
C3H8 + 5 O2 → 3 CO2 + 4 H2O
2 C4H10 + 13 O2 → 8 CO2 + 10 H2O
```

புரொப்பேனின் மூலக்கூறு எடை 44. அது மூன்று கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளைத் தருகிறது, அதாவது 3 × 44 = 132. ஆக ஒரு கிலோ புரொப்பேனுக்கு 132 / 44 = 3 கிலோ. பியூட்டேனின் எடை 58, தருவது 4 × 44 = 176, ஒரு கிலோவுக்கு 3.03 கிலோ. பத்தாம் வகுப்புக் கணக்கு, அவ்வளவுதான்.

ஒரு கிலோ கேஸ் எப்படி மூன்று கிலோ புகையாகும் என்று என் மகள் கேட்டாள், நியாயமான கேள்வி. மீதி எடை காற்றிலிருந்து வருகிறது. கேஸில் ஐந்தில் நாலு பங்குக்குச் சற்று மேலேயே கார்பன். 12 கிராம் கார்பன் எரியும்போது 32 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 கிராமாக வெளியே போகிறது. எங்கள் 9.9 கிலோ கேஸில் இருந்த கார்பன் 8 கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம், மற்ற எல்லாம் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்த ஆக்சிஜன். கூடவே கேஸில் இருந்த ஹைட்ரஜனும் எரிந்து ஏறக்குறைய 16 லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போயிருக்கிறது. ஜன்னலை அடைத்துவிட்டுச் சமைத்தால் அறை ஏன் இப்படிப் புழுங்குகிறது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, எங்கள் சிலிண்டரில் புரொப்பேன் எவ்வளவு, பியூட்டேன் எவ்வளவு? அது தெரியாமலேயே கணக்கை முடிக்கலாம் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். எல்லாமே புரொப்பேன் என்று வைத்தால் 9.9 × 3 = 29.7 கிலோ. எல்லாமே பியூட்டேன் என்று வைத்தால் 9.9 × 3.03 = 30.0 கிலோ. பாதிப் பாதி என்றால் 29.9. கலவை எப்படி இருந்தாலும் வித்தியாசம் 300 கிராம் மட்டுமே. சொல்லப்போனால் ஒரே சிலிண்டருக்குள்ளேயே கலவை மாறிக்கொண்டுதான் வரும், புரொப்பேன் எளிதில் ஆவியாவதால் முதலில் அது அதிகமாகப் போகும், கடைசியில் பியூட்டேன் கூடுதலாகத் தங்கும். நம் விடையை அது அசைக்காது.

வேறு வழியாகவும் சரிபார்த்தேன். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவான ஐபிசிசி தன் வழிகாட்டியில் கொடுத்திருக்கும் பொது மதிப்புகளின்படி ஒரு கிலோ சமையல் கேஸில் 47.3 மெகாஜூல் வெப்பம், ஒவ்வொரு மெகாஜூலுக்கும் 0.0631 கிலோ கார்பன் டை ஆக்சைடு.

```
9.9 × 47.3 = 468 மெகாஜூல்
468 × 0.0631 = 29.5 கிலோ
```

இரண்டு வழியும் அரை கிலோவுக்குள் ஒத்துப்போகின்றன. தராசில் நாலு முறை எடை பார்த்தோம், ஒவ்வொன்றிலும் 0.1 கிலோ பிசகியிருந்து எல்லாப் பிசகும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டால்கூட கேஸில் 0.4 கிலோ, விடையில் 1.2 கிலோ. அதனால் 29.87 என்றெல்லாம் எழுதுவது தப்பு. சுமார் 30 கிலோ, ஒரு கிலோ முன்பின். இதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்வது: மூன்றால் பெருக்குவதில் தவறே வராது, எடை போடுவதில்தான் வரும். கவனத்தை அங்கே வையுங்கள்.

தராசு இல்லாதவர்களுக்கு நாள் கணக்கு போதும். எங்கள் பழைய சிலிண்டரை மாட்டியது டிசம்பர் 5, தீர்ந்தது ஜனவரி 19, மொத்தம் 45 நாள். 14.1 கிலோவை 45 ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 0.313 கிலோ, 31 நாளைக்கு 9.7 கிலோ, மூன்றால் பெருக்கினால் 29 கிலோ. எடை போட்டதற்கு மிக அருகில் வந்துவிட்டது. சிலிண்டர் மாற்றும் அன்று காலண்டரில் ஒரு வட்டம் போட்டு வைத்தால் போதும். ஆனால் எந்த நாட்களில் அதிகம் எரிந்தது என்பது இதில் தெரியாது. எடையில் தெரிந்தது: டிசம்பரில் நாளுக்கு 0.296 கிலோ, பொங்கலையும் விருந்தாளிகளையும் சேர்த்த ஜனவரி முதல் பதினெட்டு நாளில் 0.339, அதற்குப் பிறகு 0.292.

அம்மாவின் வெந்நீருக்கு எவ்வளவு என்றும் போட்டுப் பார்த்தேன். தினமும் 5 லிட்டர், 26 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை சூடாக்குகிறோம், அதற்கு 1.13 மெகாஜூல் வெப்பம் வேண்டும். அடுப்பின் சூட்டில் 60 சதவீதம் பாத்திரத்துக்குள் போகிறது என்று வைத்துக்கொண்டால் எரிய வேண்டியது 1.88 மெகாஜூல், அதாவது 40 கிராம் கேஸ். மாதத்துக்கு 1.2 கிலோ கேஸ், 3.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு! மொட்டை மாடித் தொட்டிக்குப் பக்கத்தில் கறுப்புக் குழாய்ச் சுருள் ஒன்றை வெயிலில் போட்டு, பகலில் சூடாகும் தண்ணீரை மூடிய டிரம்மில் பிடித்து, அம்மா குளியலைச் சாயங்காலத்துக்கு மாற்றிப் பார்க்கலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம், அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.

இந்த 30 கிலோ எவ்வளவு பெரியது? 30 டிகிரி வெப்பத்தில் அது சுமார் 17 கன மீட்டர் இடத்தை அடைக்கும், எட்டடிக்கு எட்டடி, ஒன்பதடி உயரச் சமையலறை கிட்டத்தட்ட நிரம்பிவிடும். ஆளுக்கு 7.5 கிலோ. என் ஸ்கூட்டருக்கு மாதம் 9 லிட்டர் பெட்ரோல் போடுகிறேன், லிட்டருக்கு 2.3 கிலோ என்று வைத்தால் 21 கிலோ. நாலு பேர் மாதம் முழுக்கச் சாப்பிடுவதற்கு 30, நான் ஒருவன் வேலைக்குப் போய்வர 21. குறைக்க வேண்டியது எங்கே என்று எனக்கு இதிலேயே தெரிந்துவிட்டது.

இண்டக்‌ஷனுக்கு மாறினால் குறையுமா என்று கேட்பவர்களுக்கும் இதே எண் உதவும். 468 மெகாஜூலில் 60 சதவீதம் பாத்திரத்துக்குப் போனால் 281, அது 78 யூனிட். இண்டக்‌ஷன் அடுப்பு 85 சதவீதம் பயன்படுத்தும் என்றால் 92 யூனிட் மின்சாரம் வேண்டும். நம் நாட்டு மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு அதிகம், யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ, ஆக 64 கிலோ. மாடியில் சோலார் இருந்தால் கதை வேறு, இல்லாத வீட்டில் இன்றைக்கு அது இரட்டிப்பு.

30 கிலோ என்பது அடுப்பில் எரிந்ததற்கு மட்டும். கேஸைச் சுத்திகரித்து, லாரியில் ஏற்றி, நம் வாசலுக்குக் கொண்டுவந்ததற்கு ஆனது இதில் இல்லை. எல்லாம் முழுதாக எரிந்ததாகவும் எடுத்திருக்கிறேன், சுடர் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் கொஞ்சம் கார்பன் மோனாக்சைடாகவும் கரியாகவும் போகும், பர்னரைச் சுத்தம் செய்ய வேண்டும். குழாய் கேஸ் வீடுகள் மூன்றால் பெருக்கக் கூடாது, அது பெரும்பாலும் மீத்தேன், மீட்டரில் வரும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் சுமார் 1.9 கிலோ என்று எடுக்க வேண்டும். லிட்டருக்கு ஒன்றரை கிலோ என்று எங்காவது பார்த்தால் அது வண்டிகளுக்கு நிரப்பும் திரவ கேஸின் கணக்கு, சிலிண்டர் கிலோவோடு அதைப் பெருக்கினால் விடை பாதியாகிவிடும்.

பிப்ரவரிக்கான முதல் எடை ஏற்கெனவே நோட்டில் இருக்கிறது, 26.5 கிலோ. மார்ச் 1 காலை மறுபடி கொக்கியில் மாட்ட வேண்டும்.