எழுந்தாச்சாம்மா?

மரகதத்தின் கணவர் போன பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் அது டிவியில் இருந்து வருவதுதான். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள், யாரையும் குறை சொல்ல முடியாது. வெளியூரில் இருக்கும் மகன் வாரம் ஒருமுறை கூப்பிட்டு, சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று கேட்பான். இவள் சரி சரி என்பாள். அவ்வளவுதான்.

எதிர்வீட்டுக்கு சுதா குடிவந்தாள். மறுநாள் காலை ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு படியிறங்கியவள், வாசலில் நின்ற மரகதத்தைப் பார்த்து "எழுந்தாச்சாம்மா?" என்றாள். மரகதம் வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. முந்தைய நாள் முழுக்க யாரோடும் பேசாத தொண்டை அடைத்துக்கொண்டது. செருமிச் சரிசெய்வதற்குள் கீழே வண்டி கிளம்பிவிட்டது.

அன்று முழுக்க மனசு உறுத்தியது. பாவம், அந்தப் பொண்ணு என்ன நினைத்திருப்பாள்? அடுத்த நாள் முகம் கழுவும்போதே செருமிவிட்டு, "ஆச்சும்மா, ஆச்சும்மா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அப்புறம் தினமும் அதே கேள்வி, அதே பதில். சுதா ஒருநாளும் விடவில்லை, அவசரமாக ஓடுகிற நாளில்கூடத் திரும்பிப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் போவாள். மெல்ல மெல்ல பதில் நீண்டது. "ஆச்சும்மா, நீ தூங்கினியா?" ஆனது. "மழை வர்ற மாதிரி இருக்கு, பார்த்துப் போ" ஆனது.

ஒரு விடுமுறை நாளில் சுதா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ராத்திரி லைட் எரிஞ்சதே, தூங்கலையாம்மா?"

"அவர் குறட்டை விடுவார். அப்போ எரிச்சலா இருக்கும், எத்தனை தடவை எழுப்பித் திட்டியிருக்கேன் தெரியுமா. இப்போ அந்தச் சத்தம் இல்லாம தூக்கமே பிடிக்கல."

இதற்கு எல்லோரும் ஆறுதல் சொல்வார்கள், காலம் சரிசெய்யும் என்பார்கள். சுதா அதெல்லாம் சொல்லவில்லை. "எப்படி விடுவார்?" என்றாள்.

மரகதம் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கண்ணை மூடி, அடித்தொண்டையில் இருந்து இழுத்து, கடைசியில் அவர் விடுகிற அந்தச் சின்ன விசில் வரைக்கும் செய்துகாட்டினாள். சுதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மரகதத்துக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். இரண்டையும் அவள் அடக்கவில்லை. அவர் செத்ததைப் பற்றித்தான் இத்தனை நாளும் எல்லோரும் கேட்டார்கள், அவர் இருந்ததைப் பற்றி அன்றைக்குத்தான் ஒருத்தி கேட்டிருக்கிறாள்.

மகன் எப்போதும் ராத்திரிதான் பேசுவான். போன வாரம் என்னவோ காலையிலேயே கூப்பிட்டான்.

"சாப்பிட்டியாம்மா? மாத்திரை..."

"எல்லாம் ஆச்சுடா. வை, சுதா கிளம்புற நேரம்."

"யாரும்மா சுதா?"

"ராத்திரி கூப்பிடு, சொல்றேன். நிறைய இருக்கு" என்று போனை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். சுதா இன்னும் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன சுதா, இன்னைக்கு லேட்டா?"