சூப்பர்வைசர் ஆன சேதி

திருப்பூர்

அன்புள்ள முருகேசன் அண்ணாவுக்கு,

வணக்கம். நேற்று சாயங்காலம் ஆர்டர் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒன்றாம் தேதியிலிருந்து நான் குவாலிட்டி சூப்பர்வைசர். உடனே உங்களுக்குப் போன் செய்தேன். ஓவர்லாக் மெஷின் சத்தத்தில் பாதி உங்களுக்குக் கேட்டிருக்காது. அதுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

செக்கிங் டேபிளில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவளிடம் வந்து, "கணக்கு வருமா கண்ணு?" என்று கேட்டீர்கள். மறுநாளே ஜிஎஸ்எம் கட்டரைக் கையில் கொடுத்தீர்கள். வெட்டி எடுக்கும் வட்டம் 100 சதுர சென்டிமீட்டர், கிராம் எடையை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, அதுதான் ஜிஎஸ்எம். அதைச் சொல்லித்தர ஐந்து நிமிடம் போதும். ஆனால் ஓரத்தை விட்டு உள்ளே தள்ளி ஐந்து இடத்தில் வெட்ட வேண்டும், அடியில் இருக்கும் பேட் தேய்ந்திருந்தால் விளிம்பு பிய்ந்து எடை மாறும் என்பதையெல்லாம் பக்கத்தில் நின்று, என் கையாலேயே வெட்ட வைத்துக் காட்டினீர்கள்.

முதல் வருடம் நான் செய்த தப்பை மறக்க முடியுமா? ரோலைப் பிரித்து 24 மணி நேரம் ஆறவிடாமலே கட்டிங்குக்கு ஓகே சொல்லிவிட்டேன். வாஷ் போட்டதும் பீஸ் எல்லாம் நீளம் குறைந்துபோனது. மீட்டிங்கில் "நான் பார்த்திருக்கணும், விட்டுட்டேன்" என்றீர்கள். என் பேரே வரவில்லை. அன்றைக்கு ராத்திரி என்னோடு உட்கார்ந்து ஒவ்வொரு பீஸையும் டேப் வைத்து அளந்தீர்கள். வீட்டில் அம்மாவிடம் சொல்லி அழுதேன் அண்ணா.

அப்புறம் போன தீபாவளிக்கு முந்தைய வாரம். பையர் கேட்டது 160 ஜிஎஸ்எம், எனக்கு வந்தது 148. ஷிப்மென்ட் நெருக்கத்தில் கட்டிங் மாஸ்டர் துணியை விரிக்கத் தயாராக நின்றார். பயந்துபோய் உங்களைக் கூப்பிட்டேன். "தராசு என்ன சொல்லுது?" என்றீர்கள். 148 என்றேன். "அப்புறம் என்னை எதுக்குக் கேக்கறே?" என்று சொல்லிவிட்டு, வந்து டேபிள் ஓரத்தில் பேசாமல் நின்றீர்கள். நிறுத்தச் சொன்னது நான்தான். ஆனால் நீங்கள் நிற்காமல் இருந்திருந்தால் எனக்கு வாய் வந்திருக்காது. மறுபடி காம்பேக்டிங் போய், 157-ல் அந்தத் துணி திரும்பி வந்தது.

இன்டர்வியூவில் ஜிஎம் அதைத்தான் கேட்டார். நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

நீங்கள் ரிடையர் ஆகிப் போன பிறகும் உங்கள் டேபிளில் யாரும் உட்காரவில்லை. இனி அது எனக்காம். உட்காரத் தயக்கமாகத்தான் இருக்கிறது. நேற்று புதிதாக வந்த பெண் ஒருத்தியைத் தராசு முன்னால் நிறுத்தியிருக்கிறேன். ரொம்பப் பயப்படுகிறாள். அவளுக்கு எதை முதலில் சொல்லித்தரட்டும் என்று உங்களிடம் கேட்க வேண்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு காங்கேயம் வருகிறோம். அக்காவிடம் சமைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், அம்மா இங்கிருந்தே செய்து எடுத்து வருகிறார்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் கவிதா