13,499 ரூபாய் போனா, 21,999 ரூபாய் போனா? எங்கள் கடையில் கேட்டால் சொல்லும் பதில்

கல்லூரி திறக்கும் நேரம். உடுமலையில் எங்கள் கடைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் அப்பா அம்மாக்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இந்த ரெண்டுல எதை எடுக்கலாம்ங்க?" ஒன்று 13,499 ரூபாய், இன்னொன்று 21,999. நடுவில் 8,500 ரூபாய் நிற்கிறது. கடையில் கூட்டமாக இருக்கும்போது நின்று பேச முடிவதில்லை என்பதால் எழுதியே வைத்துவிடுகிறோம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். படிக்கும் பிள்ளைக்கும், வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும், கடை கண்ணி வைத்து ஜிபே, வாட்ஸ்அப் என்று ஓட்டுபவர்களுக்கும் 13,499 ரூபாய் போனே போதும். 21,999 ரூபாய் போனை விற்றால் எங்களுக்கு நானூறு, ஐநூறு ரூபாய் கூடுதலாக நிற்கும். அது தெரிந்தேதான் இதைச் சொல்கிறோம்.

கம்பெனிப் பெயர்களை எழுதவில்லை. இந்த இரண்டு விலையிலும் பல கம்பெனிகள் போன் விடுகின்றன, உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். வேறு கடையில் வாங்கினாலும் இந்தக் கணக்கு உங்களுக்கு உதவும். எங்கள் கடைப் பையன்கள் இருவர் ஆளுக்கு ஒன்றாகப் பத்து நாள் சொந்த சிம்மைப் போட்டு ஓட்டினார்கள். கீழே வருவது அவர்கள் சொன்னதும், சர்வீஸ் மேசையில் நாங்கள் தினமும் பார்ப்பதும்.

கேமராவிலிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் ஏமாறுகிறார்கள். விலை குறைந்ததில் 50 மெகாபிக்சல், கூடியதில் 108 மெகாபிக்சல். கேட்டதும் இரண்டு மடங்கு தெளிவு என்று தோன்றும். ஆனால் சாதாரணமாகப் படம் எடுக்கும்போது 50 மெகாபிக்சல் போன் நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படம் தருகிறது. 108 மெகாபிக்சல் போன் ஒன்பது புள்ளிகளைச் சேர்த்து 12 மெகாபிக்சல் படம் தருகிறது. பகல் வெளிச்சத்தில் கடை வாசலில் நின்று ஒரே காட்சியை இரண்டிலும் எடுத்தோம். போன் திரையில் வைத்துப் பார்த்தால் எது எந்தப் போனில் எடுத்தது என்று எங்களாலேயே சொல்ல முடியவில்லை.

ராத்திரியில் நிலைமை வேறு. விலை கூடிய போனில் கை ஆடினால் லென்ஸே நகர்ந்து ஈடுகட்டும் ஓஐஎஸ் இருக்கிறது. கோயில் திருவிழாவில் சாமி புறப்பாட்டை எடுத்தபோது அதில் முகம் தெளிவாக வந்தது. 13,499 ரூபாய் போனில் முகம் கலங்கி, பின்னால் கருப்பில் புள்ளி புள்ளியாக வந்தது. இதில் விலை குறைந்தது தோற்றுவிட்டது, மறைக்க ஒன்றும் இல்லை. அப்புறம், இரண்டிலும் பின்பக்கம் இருக்கும் 2 மெகாபிக்சல் கூடுதல் கேமராவை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். அதனால் பெரிய பயன் இல்லை.

அடுத்தது ரேம். விளம்பரத் தாளில் 13,499 ரூபாய் போனுக்கு "12 ஜிபி ரேம்" என்றும், மற்றதற்கு "16 ஜிபி ரேம்" என்றும் போட்டிருக்கிறார்கள். நிஜ ரேம் 6 ஜிபியும் 8 ஜிபியும்தான். மீதி, சேமிப்பு இடத்திலிருந்து கடன் வாங்குவது, நிஜ ரேமின் வேகம் அதற்கு வராது. எங்கள் கடையில் கேட்டால் 6, 8 என்றே சொல்வோம். வாட்ஸ்அப், யூடியூப், ஆன்லைன் வகுப்பு, யுபிஐ எல்லாவற்றுக்கும் 6 தாங்குகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து கேம் ஆடினால் விலை குறைந்தது சூடாகி இழுக்கிறது.

சார்ஜ் நேரத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. பேட்டரி இரண்டிலும் 5000 எம்ஏஎச், இரண்டும் ஒரு நாள் முழுக்க நின்றன. ஆனால் 18 வாட் சார்ஜரில் விலை குறைந்த போனுக்கு முழுச் சார்ஜ் ஏற இரண்டு மணி நேரம் ஆனது. 67 வாட் சார்ஜரில் மற்றது ஐம்பது நிமிடத்தில் முடித்துவிட்டது. ராத்திரி சார்ஜ் போட்டுத் தூங்குபவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

இனி யாரும் கேட்காத, ஆனால் எங்களைப் பொறுத்தவரை முக்கியமான விஷயம். டிஸ்பிளே உடைந்தால் என்ன செலவு? சர்வீஸ் மேசைக்கு வருவதில் அதிகம் உடைந்த டிஸ்பிளேதான். பஸ் படியில் விழுந்தது, பைக் பையிலிருந்து நழுவியது, தம்பி கையிலிருந்து போனது. விலை குறைந்த போனில் இருப்பது எல்சிடி, மாற்ற எங்களிடம் இன்றைக்கு 2,200 ரூபாய். விலை கூடியதில் ஓரம் வளைந்த அமோலெட், மாற்ற 7,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஓரம் வளைந்திருப்பதால் டெம்பர் கிளாஸும் அதில் சரியாக ஒட்டி நிற்பதில்லை. அமோலெட்டில் படம் பளிச்சென்று இருக்கிறது, கருப்பு நிஜமான கருப்பாகத் தெரிகிறது, உண்மை. ஆனால் விடுதியில் தங்கிப் படிக்கப்போகும் பிள்ளை கையில் கொடுக்கும்போது இந்த 7,000 ரூபாயையும் யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

இன்னும் ஒன்று: விலை குறைந்ததில் இயர்போன் துளையும் மெமரி கார்டு இடமும் இருக்கின்றன. விலை கூடியதில் இரண்டும் இல்லை. 5ஜி இரண்டிலும் உண்டு.

சாஃப்ட்வேர் அப்டேட்டில் விலை கூடியது ஒரு வருடம் முன்னால் நிற்கிறது. விலை குறைந்ததற்கு மூன்று வருடம் பாதுகாப்பு அப்டேட் தருவதாகக் கம்பெனி சொல்லியிருக்கிறது, மற்றதற்கு நான்கு வருடம். பட்டப்படிப்பு மூன்று வருடம் என்றால் கணக்குச் சரியாக வரும். இன்ஜினியரிங் என்றால் நான்காம் வருடம் யோசிக்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் 21,999 ரூபாய் போன் யாருக்கு? ராத்திரி விசேஷங்களில் வீடியோ எடுப்பவர்களுக்கு. நாள் முழுக்க வெயிலில் பைக்கில் மேப் பார்த்து டெலிவரி செய்பவர்களுக்கு, ஏனென்றால் மதிய வெயிலில் எல்சிடி திரை மங்கித் தெரிகிறது, அமோலெட் தெளிவாகப் படிக்க வருகிறது. தினமும் மணிக்கணக்கில் கேம் ஆடுபவர்களுக்கு. இந்த மூவரும் விலை குறைந்ததை வாங்கி வருத்தப்படுவதைப் பார்த்திருக்கிறோம், அவர்களுக்கு நாங்களே கூடியதை எடுத்துக் கொடுப்போம்.

தவணையில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "வட்டியில்லாத் தவணை" என்றாலும் வங்கி வட்டியைக் கணக்கில் காட்டி அந்தத் தொகையைத் தள்ளுபடியாகக் கழிக்கிறது. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான் விழும், செயலாக்கக் கட்டணமும் தனி. கையில் 13,499 ரூபாய் இருந்தால் ரொக்கமாகக் கொடுத்து முடித்துவிடுங்கள். மிச்சமாகும் 8,500 ரூபாயில் பிள்ளைக்குப் புத்தகம், துணிமணி வாங்கலாம்.

எங்கே வாங்கினாலும் பில் வாங்குங்கள். போனில் *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணும், பெட்டியிலும் பில்லிலும் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள்.

இரண்டு போனும் மேசை மேல் சார்ஜோடு இருக்கின்றன. கையில் எடுத்து, வெளியே வெயிலில் நின்று பார்த்து, ஒரு படம் எடுத்துவிட்டு வாங்காமல் போனாலும் ஒன்றும் சொல்ல மாட்டோம். விலை குறைந்ததில் நீலமும் கருப்பும் ஸ்டாக் இருக்கிறது, பச்சை வியாழக்கிழமை வருகிறது. காலை 9:30 முதல் இரவு 9 வரை, ஞாயிறு மதியம் 2 வரை கடை திறந்திருக்கும்.