அண்ணனுக்குத் தெரியாமல் அண்ணிக்கு ஒரு கடிதம்

பொன்மலை,
ஜூன் 7, 2026

அன்புள்ள அண்ணிக்கு,

மோகன் எழுதுகிறேன். போனில் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதி, கவிதா கையில் கொடுத்தனுப்புகிறேன். போன் மணி அடித்தால் முதலில் எடுப்பவர் அண்ணன். எடுத்தவுடன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ரேடியோவைத் திருகிக்கொண்டே பேசுவார். அந்த வீட்டில் ரகசியம் பேச முடியாது.

30-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை அண்ணன் பணி ஓய்வு பெறுகிறார். அன்றைக்குப் பணிமனையில் நடக்க வேண்டியது எப்போதும்போல நடக்கும். அதே நாளில் ஓய்வு பெறும் மற்றவர்களோடு சேர்த்து அவருக்கும் மாலை, சால்வை, அதிகாரிகளின் நான்கு வார்த்தை. அதற்குமேல் எதுவும் கூடாது என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். வீல் ஷாப்பில் யார் ஓய்வு பெற்றாலும் வீடு வீடாகப் போய்ப் பணம் சேர்த்து, மேளத்துக்கு ஆள் பேசி, கடைசியில் வாடகை நாற்காலிகளை எண்ணித் திருப்பிக் கொடுப்பவர் அவர். தன் முறை வரும்போது மட்டும் “வேண்டாம் தம்பி, வீண் செலவு” என்கிறார். இதை நாங்கள் ஒப்புக்கொள்வதாக இல்லை.

அதனால் இரண்டு நாள் முன்பாக, 28-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை, கே.கே. நகரில் ஒரு சிறிய மண்டபம் பேசியிருக்கிறோம். ரயில்வே குடியிருப்புக்குள் வைத்தால் பந்தல்காரர் கம்பு ஊன்றும்போதே செய்தி அவர் காதுக்குப் போய்விடும். ஞாயிறன்று ராகுகாலம் நாலரையிலிருந்து ஆறு வரை. நீங்கள் முதலில் கேட்பது அதுதான் என்று எனக்குத் தெரியும். விருந்தினர்கள் ஐந்தே முக்காலுக்குள் உட்கார்ந்துவிடுவார்கள். அண்ணன் ஆறரைக்கு உள்ளே வந்தால் போதும்.

அவரை எப்படி அழைத்து வருவது என்பதில் ஷாப்பில் ஆளுக்கொரு யோசனை. யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொல்லலாம் என்றார் ஒருவர். அதை அப்போதே தள்ளிவிட்டேன். நல்ல காரியத்துக்கு அப்படி ஒரு பொய் வேண்டாம், அவர் இதயத்துக்கும் அது ஆகாது. ஏதாவது நிச்சயதார்த்தம் என்றால் பத்திரிகையைக் கேட்பார், வாங்கி அச்சுப்பிழை பார்ப்பார். ஆகவே மாலை ஆறு மணிக்கு ஜோசப் அவருக்குப் போன் செய்து, “அண்ணே, தெரிந்தவர் மண்டபத்தில் ஜெனரேட்டர் கிளம்பவில்லை, மெக்கானிக் கைவிரித்துவிட்டான்” என்பார். அடுத்த நிமிடம் ஸ்பேனர் பையோடு வாசலில் நிற்பார், பாருங்கள். ஒரே சிக்கல், அழுக்குச் சட்டையோடு கிளம்புவார். தடுக்காதீர்கள், சந்தேகம் வரும். பட்டுக்கரை வேட்டியையும் வெள்ளைச் சட்டையையும் முதல் நாளே கவிதாவிடம் கொடுத்துவிடுங்கள். கூடவே ஒரு சோப்புக் கட்டியும் வைத்துவிடுங்கள். கை கழுவாமல் மாலையைத் தொடமாட்டார்.

விளக்கை அணைத்துவைத்து எல்லோரும் சேர்ந்து கத்துவது, பட்டாசு, காகிதத் துப்பாக்கி எதுவும் கிடையாது. போன வருடம் ஸ்டென்ட் வைத்தவரைத் திடுக்கிட வைத்து வேடிக்கை பார்க்க யாருக்கும் மனமில்லை. அவர் படியேறும்போது நாதஸ்வரம் தொடங்கும். அதைக் கேட்டு அவருக்கே புரியட்டும்.

இனி அழைப்பு. எனக்கு உண்மையில் பயம் இதில்தான். நம் பக்கத்தில் தாம்பூலத் தட்டோடு நேரில் போய் அழைக்காவிட்டால் மனத்தாங்கல். நேரில் போனாலோ அண்ணனுக்குத் தெரிந்துவிடும். பத்திரிகை அச்சடிக்கவில்லை, ஃப்ளெக்ஸ் கிடையாது, குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு எழுத்தும் போடக் கூடாது. காலை வணக்கப் படம் போடுவதற்காகவே அவர் அதில் விடியற்காலையிலிருந்து விழித்திருக்கிறார். உங்கள் பக்கத்து உறவினர்களை, அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் நீங்கள் போனில் அழையுங்கள். “முறைப்படி வந்து கூப்பிட முடியவில்லை, காரணம் இதுதான்” என்று நீங்களே வாய்விட்டுச் சொன்னால் யாரும் குறையாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். ரகசியத்தில் பங்கு கொடுப்பதே ஒரு மரியாதைதான். அதன் பிறகு கீழே உள்ளதைக் கவிதா தன் போனிலிருந்து தனித்தனியாக அனுப்பட்டும்:

“வணக்கம். ஜூன் 28, ஞாயிறு மாலை 5.45 மணிக்குள் கே.கே. நகர் மண்டபத்துக்குக் குடும்பத்துடன் வந்து சேருங்கள். இடத்தின் படம் தனியாக வரும். அப்பாவுக்காக ஒரு சிற்றுண்டி விருந்து. அப்பாவுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அவருக்கு முன்கூட்டியே வாழ்த்துச் சொல்லாதீர்கள், ‘ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம்’ என்றும் சொல்லிவிடாதீர்கள். வண்டிகளை மண்டப வாசலில் நிறுத்தாமல் பின்தெருவில் நிறுத்துங்கள். மொய், பரிசு எதுவும் வேண்டாம். எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை 21-ஆம் தேதிக்குள் எனக்கு மட்டும் சொல்லுங்கள். படித்ததும் அழித்துவிடுங்கள். – கவிதா”

வண்டி விஷயத்தைக் கூடுதல் எச்சரிக்கை என்று நினைக்காதீர்கள். எங்கள் ஷாப்பில் பாதிப் பேரின் ஸ்கூட்டரை அவர்தான் ஒரு தடவையாவது பிரித்து மாட்டியிருக்கிறார். தூரத்திலிருந்து சைலன்சரைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்.

லால்குடி அக்காவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களிடம் இன்றைக்குச் சொன்னால் நாளைக்கே தம்பிக்குப் போன் வரும். சொல்லாமல் விட்டால் பேரப்பிள்ளைகளின் கல்யாணம் வரை அந்தக் குறை பேசப்படும். என் யோசனை இது: 27-ஆம் தேதி சனிக்கிழமை மாலை நீங்களும் என் மனைவியும் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு நேரில் போய் அழையுங்கள். முதல் சால்வை அவர்கள் கையால்தான் என்று சொல்லுங்கள். கையோடு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள். ராத்திரி போன் கேட்டால் சார்ஜ் இல்லை என்று நான் பார்த்துக்கொள்கிறேன். பிரபுவும் புனேயிலிருந்து அன்று மாலை இறங்கி எங்கள் வீட்டில்தான் தங்குகிறான். “லீவு கிடைக்கவில்லை” என்று அப்பாவிடம் முன்பே சொல்லிவைத்திருக்கிறான். அண்ணன் அதற்காக முகம் வாடினால் தயவுசெய்து மனமிரங்கி உண்மையைச் சொல்லிவிடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு 120 பேர் என்று சொல்லியிருக்கிறோம். இட்லி, வெண்பொங்கல், மெதுவடை, கொத்சு, கேசரி. அண்ணன் இலையில் கேசரி ஒரு கரண்டிக்கு மேல் விழாது. பரிமாறுவது மாரியப்பன், அவரிடம் கெஞ்சியும் பலிக்காது. செலவு முழுவதும் ஷாப்பினுடையது. நீங்கள் பர்ஸைத் திறந்தால் கோபித்துக்கொள்வோம்.

உங்களிடமிருந்து எனக்கு வேண்டியது ஒன்று. நீலகிரி மலை ரயிலுக்காக நம் பணிமனையில் கட்டிய நீராவி இன்ஜின் பக்கத்தில் அண்ணன் நிற்கும் படம் ஒன்று உங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. நிலக்கரி இல்லாமல் எண்ணெயில் எரியும் பாய்லர் என்று யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவாரே, அந்தப் படம். கண்ணாடிச் சட்டத்தோடு கழற்றினால் கண்டுபிடித்துவிடுவார். அவர் சந்தைக்குப் போயிருக்கும் நேரத்தில் கவிதா செல்போனில் தெளிவாக ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும், பெரிதாக்கி மேடையில் வைத்துவிடுகிறோம். அந்தப் படத்தில் கூட நிற்கும் மூன்று பேரில் இருவர் ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்கள். தஞ்சாவூரிலிருந்தும் விருத்தாசலத்திலிருந்தும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இது கவிதாவுக்கும் தெரியாது, உங்களோடு இருக்கட்டும்.

அவசரமாகப் பேச வேண்டுமென்றால் என் மனைவியின் எண்ணை “தையல் கடை” என்று உங்கள் போனில் பதிந்துகொள்ளுங்கள். ரவிக்கை தைத்தாயிற்றா என்று ஆரம்பித்தால் அண்ணன் தானாக எழுந்து வெளியே போய்விடுவார்.

நாளோ நேரமோ உங்களுக்குச் சரிப்படாவிட்டால் புதன்கிழமைக்குள் கவிதாவிடம் சொல்லியனுப்புங்கள், மண்டபத்துக்கு இன்னும் முன்பணம் மட்டும்தான் கொடுத்திருக்கிறோம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். பழைய பேப்பரோடு வைக்க வேண்டாம். எடைக்குப் போடுவதற்கு முன்னால் அண்ணன் ஒவ்வொரு தாளையும் பிரித்துப் படிப்பார்.

அன்புடன்,
மோகன்