வாடகை வீட்டில் வண்ணம் பூசவும் சிறு மாற்றங்கள் செய்யவும் அனுமதி கேட்டு

கீழக்கரை
18.08.2025

மதிப்பிற்குரிய காதர் பாய் அவர்களுக்கு,

தரைத்தளம் 3ஆம் எண் வீட்டில் குடியிருக்கும் மாரிமுத்து எழுதுவது. ஹாலுக்கு வண்ணம் பூசவும், சமையலறையில் ஒரு அலமாரி மாட்டவும், இரண்டு ஜன்னல்களுக்குக் கொசுவலைச் சட்டம் போடவும் உங்கள் சம்மதம் வேண்டும்.

முதலில் கடல் பக்கத்துச் சுவர். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை, பதினான்கு அடி நீளத்துக்கு உப்பு பூத்துப் பட்டி உரிந்து விழுகிறது. தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கிறது. பின்னால் குளியலறையோ குழாயோ இல்லை, ஆகவே கசிவு என்று சொல்ல முடியாது. இதன் மேலேயே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. உள்ளே இருக்கும் உப்பு ஈரத்தை இழுத்துப் பூச்சைத் தள்ளிவிடும். அந்த 42 சதுர அடியைச் செங்கல் தெரியும்வரை கொத்தி, கம்பி பிரஷால் தேய்த்து, ஒன்றுக்கு நான்கு கலவையில் புதுப்பூச்சு வைக்க வேண்டும். ஒரு மூட்டை சிமெண்ட் தாராளம். கலவைக்கும் நீராற்றுவதற்கும் குடிநீர்தான். போர் தண்ணீர் ஊற்றினால் உப்பை நாமே உள்ளே அனுப்பியதாகிவிடும்.

ஏழு நாள் நீராற்றி, பிறகு மூன்று வாரம் காயவிட வேண்டும். இந்த மாதக் கடைசிக்குள் கொத்தினால் அக்டோபர் முதல் வாரத்தில் வண்ணம் முடியும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் சுவர் காயாது, அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

ஹால் சுவர் மொத்தம் சுமார் 440 சதுர அடி. காரம் தாங்கும் பிரைமர் 4 லிட்டர், எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 8 லிட்டர். நிறம் வெளிர் மஞ்சள். அடர்நிறம் வேண்டாம் என்று நானே விட்டுவிட்டேன், திரும்ப வெள்ளையாக்க அதிகக் கோட்டு கேட்கும்.

அலமாரிக்கு எட்டுத் துளை, கொசுவலைச் சட்டத்துக்கு மரநிலையில் மட்டும் திருகாணி. எல்லாம் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு; சாதாரண இரும்பு இந்தக் காற்றில் துருவேறிச் சுவரில் கறை வடியும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே வயர் குழாய் போவதால் அங்கே துளைக்க மாட்டோம். சுவர் இடிப்பு எதுவும் இல்லை.

வண்ணம், அலமாரி, வலைச் செலவு என்னுடையது. உப்புப் பூச்சைக் கொத்திப் பூசுவது கட்டடத்தின் பழுது. அந்தச் செலவை மட்டும் ரசீது பார்த்து வாடகையில் கழித்துக்கொள்ளச் சம்மதிக்கக் கேட்கிறேன். இதற்கு மனமில்லையென்றால் வண்ண வேலையைத் தள்ளிப்போடுகிறேன், பழைய பூச்சின் மேல் அடிக்க மாட்டேன்.

காலி செய்யும்போது அலமாரியையும் சட்டங்களையும் கழற்றி, துளைகளைப் பட்டியால் அடைத்துத் தேய்த்து, ஹாலுக்கு ஒரு கோட்டு பிரைமரும் இரண்டு கோட்டு வெள்ளையும் அடித்துத் தருவேன். வலைச் சட்டங்கள் உங்களுக்குப் பிடித்திருந்தால் அப்படியே விட்டுப் போகிறேன். குறை வைத்தால் அட்வான்ஸ் 50,000 ரூபாயில் அந்தக் கூலியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போதுள்ள நிலையின் படங்களைத் தேதியுடன் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

சம்மதமானால் இணைத்துள்ள நகலில் கையெழுத்திட்டு 25ஆம் தேதிக்குள் அனுப்புங்கள். கொத்தனாரிடம் 28ஆம் தேதி கேட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் வந்து பார்ப்பதாக இருந்தால், கொத்திய அன்று பார்ப்பதே நல்லது. பூசிய பிறகு செங்கல் எப்படி இருந்தது என்று தெரியாது.

இப்படிக்கு,
செ. மாரிமுத்து